முதல் சம்பளச் சீட்டு: கிராஸ், நெட், கைக்கு வரும் பணம் மூன்றும் எங்கே பிரிகின்றன?

ஆஃபர் லெட்டரில் ஒரு தொகை இருக்கும். முதல் சம்பளச் சீட்டில் வேறொரு தொகை இருக்கும். பேங்கிலிருந்து வரும் மெசேஜில் அதைவிடக் குறைவாக இன்னொன்று இருக்கும். நான் ஒரு நிறுவனத்தின் சம்பளக் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் மொபைலில் சீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என் மேஜைக்கு வருவார்கள். "சார், இதுல ஏதோ தப்பா பிடிச்சிருக்காங்க" என்பதுதான் அவர்கள் சொல்லும் முதல் வாக்கியம். பெரும்பாலும் தப்பு எதுவும் இருக்காது. ஆனால் சில சமயம் நிஜமாகவே இருக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஒரே ஒரு சம்பளத்தை எடுத்துக்கொண்டு மேலிருந்து கீழே வரைக்கும் இறங்கிப் பார்ப்போம். சென்னையில் ஒரு தனியார் நிறுவனம். கல்லூரி முடித்த ஒரு பெண் அங்கே ஜூன் 16 அன்று சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆஃபர் லெட்டரில் ஆண்டுக்கு 3,60,000 ரூபாய் என்று போட்டிருக்கிறது. வீட்டில் எல்லாரும் பன்னிரண்டால் வகுத்து, மாதம் முப்பதாயிரம் என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். ஜூன் கடைசியில் அவர் கணக்கில் ஏறியது 11,600 ரூபாய். பாதி மாதம்தான் வேலை பார்த்தார், சரி. அப்படியென்றாலும் முப்பதாயிரத்தில் பாதி பதினைந்தாயிரம் அல்லவா வர வேண்டும்?

முப்பதாயிரம் எப்போதுமே சம்பளமாக இருந்ததில்லை. குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கிராஸுக்கு மேலே ஒரு தொகை

ஆஃபர் லெட்டரில் இருக்கும் 3,60,000 என்பது சி.டி.சி. அந்த ஊழியருக்காக நிறுவனம் ஓர் ஆண்டில் ஒதுக்கும் மொத்தச் செலவு அது. அதில் ஒரு பகுதி ஊழியரின் பெயரில் வேறு இடங்களுக்குப் போகும். சம்பளமாகக் கைக்கு வராது. இவருடைய லெட்டரின் கடைசிப் பக்கத்தில் உள்ள அட்டவணையை மாதக் கணக்கில் பார்த்தால், 30,000 ரூபாயில் 5,000 ரூபாய் இப்படிப் போகிறது.

முதலாவது, நிறுவனம் தன் பங்காகக் கட்டும் பி.எஃப். 1,800 ரூபாய். இரண்டாவது, வேலையை விடும்போது நிறுவனம் தரும் கிராஜுவிட்டிக்காக எடுத்து வைக்கும் 722 ரூபாய். ஓர் ஆண்டு வேலைக்குப் பதினைந்து நாள் பேஸிக், மாதத்துக்கு இருபத்தாறு நாள் என்பது கிராஜுவிட்டியின் கணக்கு. அதை மாதத்துக்குப் பிரித்தால் பேஸிக்கில் 4.81 சதவீதம் வரும். பல ஆஃபர் லெட்டர்களில் இந்த 4.81 என்ற எண் அப்படியே இருக்கும். நிரந்தர வேலையில் இருப்பவருக்குப் பொதுவாக ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்த பிறகுதான் இது கிடைக்கும். இரண்டாம் ஆண்டே வேறு வேலைக்குப் போய்விட்டால், சி.டி.சி.யில் எழுதியிருந்தாலும் இந்தப் பணம் வராது. மூன்றாவது, மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 478 ரூபாய். நான்காவது, வேரியபிள் பே. ஆண்டுக்கு 24,000 என்று எழுதியிருப்பதால் மாதத்துக்கு 2,000 ஆகிறது. ஆனால் அதை மாதாமாதம் தரமாட்டார்கள். ஆண்டு முடிவில், உங்கள் வேலையையும் நிறுவனத்தின் நிலையையும் பார்த்துத் தருவார்கள். முழுதாகவும் வரலாம், பாதியாகவும் வரலாம்.

இந்த நான்கையும் கழித்தால் மீதி 25,000. இதுதான் கிராஸ். சம்பளச் சீட்டே இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. ஆகவே சீட்டை வைத்துக்கொண்டு முப்பதாயிரத்தைத் தேடினால் கிடைக்காது. அது ஆஃபர் லெட்டரில் மட்டும் இருக்கும் எண்.

வேலைக்குப் பேசும்போதே இதைக் கேட்டுவிடலாம். "சி.டி.சி.யில வேரியபிள் எவ்வளவு, மாச கிராஸ் எவ்வளவு மேடம்?" என்று கேட்டால் எச்.ஆர். தவறாக நினைக்கமாட்டார்கள். அவர்களுக்கு அது தினமும் வரும் கேள்வி. 3,60,000 தரும் ஓர் இடத்தில் வேரியபிள் இல்லாமலும், 4,00,000 தரும் இன்னோர் இடத்தில் வேரியபிள் 80,000 ஆகவும் இருந்தால், மாதாமாதம் வருவது முதல் இடத்தில்தான் அதிகம். இரண்டு ஆஃபரையும் ஒப்பிட சி.டி.சி. உதவாது. மாத கிராஸை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

கிராஸ்

கிராஸ் என்பது பிடித்தம் எதுவும் தொடாத முழுச் சம்பளம். நம் உதாரணத்தில் அது பேஸிக் 15,000, வீட்டு வாடகைப் படி 6,000, ஸ்பெஷல் அலவன்ஸ் 4,000 என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. மொத்தம்தான் முக்கியம், எப்படிப் பிரித்தால் என்ன என்று தோன்றும். ஆனால் பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் பேஸிக்கைத்தான் முக்கியமாகப் பார்க்கும். அதனால் ஒரே கிராஸ் வாங்கும் இருவருக்கு, பேஸிக் வேறாக இருந்தால் கைக்கு வருவதும் வேறாக இருக்கும். முன்பெல்லாம் பேஸிக்கை ரொம்பக் குறைத்துவிட்டு மீதியை அலவன்ஸ்களில் போட்டுவிடுவார்கள். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பில், மொத்த ஊதியத்தில் பாதிக்கு மேல் அலவன்ஸாகப் போனால் அந்த அதிகப்படியான தொகையும் ஊதியமாகவே கணக்கிடப்படும் என்று இருக்கிறது. அதனால் இப்போது சேருபவர்களின் லெட்டரில் பேஸிக் பாதிக்கு அருகிலோ மேலோ இருப்பதை அதிகம் பார்க்கிறேன்.

சீட்டின் இடது பக்கத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். பல நிறுவனங்களின் சீட்டில் சம்பளத்துக்கு இரண்டு பத்திகள் இருக்கும். ஒன்று, முழு மாதம் வேலை பார்த்தால் கிடைக்க வேண்டியது. இன்னொன்று, இந்த மாதம் ஈட்டியது. ஜூன் 16 அன்று சேர்ந்த இந்தப் பெண்ணுக்கு முப்பது நாளில் பதினைந்து நாள்தான் கணக்கு. அதனால் முதல் பத்தியில் 25,000 இருக்கும். இரண்டாவதில் 12,500 இருக்கும். இரண்டுமே கிராஸ்தான். பேங்கில் கடனுக்கு விண்ணப்பிக்கும்போதோ, அடுத்த வேலைக்கு இப்போதைய சம்பளத்தைச் சொல்லும்போதோ முதல் பத்தியைத்தான் சொல்ல வேண்டும். இந்த மாதம் பணம் ஏன் குறைந்தது என்பதற்கு இரண்டாவது பத்தி பதில் சொல்லும். சிலருடைய சீட்டில் இரண்டாவது பத்தி மட்டுமே இருக்கும். அப்போது ஆஃபர் லெட்டரைப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க முடியும்.

நாள் கணக்கிலும் ஒரு விஷயம் இருக்கிறது. சில நிறுவனங்கள் அந்த மாதத்தில் உள்ள நாள்களால் வகுக்கும்; ஜூலை என்றால் 31. சில இடங்களில் எல்லா மாதத்துக்கும் 30 என்று வைத்திருப்பார்கள். தொழிற்சாலைகளில் ஞாயிறுகளை விட்டுவிட்டு 26 ஆல் வகுப்பதும் உண்டு. எது உங்கள் இடத்து வழக்கம் என்று ஒரு தடவை கேட்டு வைத்துக்கொண்டால், ஒரு நாள் சம்பளம் இல்லாத லீவு எடுத்தால் எவ்வளவு குறையும் என்பதை நீங்களே போட்டுப் பார்க்கலாம். 25,000 ரூபாயை முப்பதால் வகுத்தால் ஒரு நாளுக்கு 833 ரூபாய்.

நெட்

கிராஸிலிருந்து சீட்டின் வலது பக்கத்தில் உள்ள பிடித்தங்களைக் கழித்தால் வருவது நெட். அவ்வளவுதான் விளக்கம். ஆனால் எந்தப் பிடித்தம் ஏன் வருகிறது என்று தெரியாவிட்டால், அந்தப் பக்கத்தைப் பார்த்தாலே கோபம்தான் வரும்.

முதலில் பி.எஃப். ஊழியரின் பங்கு பேஸிக்கில் 12 சதவீதம். 15,000 ரூபாய்க்கு 1,800. சட்டப்படி பி.எஃப். கட்டாயமாகும் ஊதிய வரம்பும் இதே 15,000தான். 2014 செப்டம்பரில் வைத்த வரம்பு அது. பேஸிக் அதற்கு மேல் இருந்தால், சில நிறுவனங்கள் முழு பேஸிக்குக்கும் 12 சதவீதம் பிடிக்கும். சில நிறுவனங்கள் 15,000 ரூபாயோடு நிறுத்தி 1,800 மட்டும் பிடிக்கும். ஒரே 25,000 பேஸிக் வாங்கும் இரண்டு நண்பர்களில் ஒருவருக்கு 3,000, இன்னொருவருக்கு 1,800 பிடிப்பது இதனால்தான். அதிகம் பிடிக்கிறார்களே என்று வருத்தப்பட வேண்டாம், அந்தப் பணம் உங்கள் கணக்கில்தான் சேருகிறது. 2024-25 ஆம் ஆண்டுக்கு அதற்கு 8.25 சதவீத வட்டி கொடுத்தார்கள்.

அடுத்தது இ.எஸ்.ஐ. மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை இருப்பவர்களுக்குத்தான் இது. ஊழியரிடம் 0.75 சதவீதம் பிடிப்பார்கள்; நிறுவனம் 3.25 சதவீதம் கட்டும். 20,000 கிராஸ் வாங்கும் ஒருவருக்கு மாதம் 150 ரூபாய்தான் குறையும், ஆனால் குடும்பத்துக்கே இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் சிகிச்சை கிடைக்கும். நம் உதாரணத்தில் கிராஸ் 25,000 என்பதால் இ.எஸ்.ஐ. இல்லை, அதனால்தான் நிறுவனம் தனியாக மருத்துவக் காப்பீடு எடுத்திருக்கிறது. முதல் மாதம் 12,500 தானே ஈட்டினார், அந்த மாதம் மட்டும் இ.எஸ்.ஐ. பிடிக்க வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. பிடிக்கக் கூடாது. வரம்புக்குள் இருக்கிறாரா என்பதை முழு மாதச் சம்பளத்தை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

பிறகு தொழில் வரி. தமிழ்நாட்டில் வேலைக்குச் சேர்ந்தவர்களைத் திடுக்கிட வைப்பது இதுதான். இங்கே இது மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ போகும் வரி. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கணக்கிடுவார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓர் அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னோர் அரையாண்டு. சென்னையில் அரையாண்டு வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டினால் 1,250 ரூபாய். ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில் வரி வாங்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 276ஆம் பிரிவே வரம்பு வைத்திருக்கிறது. நிறைய நிறுவனங்கள் இதை அரையாண்டின் கடைசிப் பகுதியில் மொத்தமாகப் பிடிக்கும். ஆகவே ஜூலையிலும் ஆகஸ்டிலும் வந்த அதே பணம் செப்டம்பரில் 1,250 ரூபாய் குறைந்து வரும். பெங்களூரில் வேலை பார்க்கும் நண்பருக்கு மாதாமாதம் 200 ரூபாய் என்று பிடித்துக்கொண்டே வருவார்கள். அவருக்கு இந்தத் திடீர் பள்ளம் இருக்காது. அவருடைய நெட்டோடு உங்கள் நெட்டை ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

வருமான வரியைப் பற்றி இந்தச் சம்பளத்துக்குப் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. 2025-26 நிதியாண்டு முதல், புதிய வரி முறையில், சம்பளம் மட்டுமே வருமானமாக உள்ளவருக்கு ஆண்டுக்கு 12,75,000 ரூபாய் வரை வரி வராது. மாதம் 25,000 கிராஸ் வாங்குபவரின் முதல் சீட்டில் டி.டி.எஸ். என்று ஒரு தொகை இருந்தால், அதை அன்றைக்கே கேட்டுவிட வேண்டும். இவை தவிர, டிசம்பர் மாதச் சீட்டில் தொழிலாளர் நல நிதி என்று ஒரு சின்னத் தொகை பிடித்திருக்கலாம். அது பத்து இருபது ரூபாய் விஷயம்.

நிறுவனம் தன் வசதிகளுக்காகப் பிடிப்பதும் வலது பக்கத்திலேயே வரும். கம்பெனி பஸ், கேன்டீன், ஹாஸ்டல், முன்பணம். இந்தப் பெண் ஜூலை முதல் கம்பெனி பஸ்ஸில் வருகிறார், அதற்கு மாதம் 900 ரூபாய். ஆக ஜூலை மாதச் சீட்டு இப்படி இருக்கும்:

```
ஈட்டியது                     பிடித்தம்
பேஸிக்             15,000    பி.எஃப்.          1,800
வீட்டு வாடகைப் படி   6,000    கம்பெனி பஸ்         900
ஸ்பெஷல் அலவன்ஸ்     4,000
கிராஸ்             25,000    மொத்தப் பிடித்தம்   2,700

நெட்               22,300
```

கைக்கு வரும் பணம்

நெட் 22,300 என்றால் கைக்கு வருவதும் 22,300தானே? பெரும்பாலான இடங்களில் அப்படித்தான். அதனால்தான் பலர் நெட் என்பதையும் டேக்-ஹோம் என்பதையும் ஒரே பொருளில் சொல்கிறார்கள். ஆனால் இரண்டும் விலகும் இடங்கள் உண்டு, முதல் முறை பார்ப்பவர் திணறுவது அங்கேதான்.

இந்த நிறுவனம் ஜூலை முதல் ஓர் உணவு அட்டை தருகிறது. மாதம் 1,300 ரூபாய் அதில் ஏறும். ஹோட்டலிலும் சூப்பர் மார்க்கெட்டிலும் அதைத் தேய்க்கலாம், ஆனால் ஏ.டி.எம்.மில் பணமாக எடுக்க முடியாது. சில நிறுவனங்கள் இந்த 1,300 ரூபாயை வலது பக்கத்தில் பிடித்தமாகவே காட்டிவிடும். அப்படியென்றால் நெட்டும் பேங்க் மெசேஜும் ஒன்றாகவே இருக்கும். வேறு சில இடங்களில் நெட்டை முழுதாகக் காட்டிவிட்டு, அடியில் சின்ன எழுத்தில் 'பேங்க் 21,000, அட்டை 1,300' என்று பிரித்திருப்பார்கள். இவருடைய சீட்டு இரண்டாவது வகை. அடியில் இருக்கும் வரியைப் பார்க்காமல் 22,300 எங்கே, 21,000 எங்கே என்று தேடினால் பிடிபடாது.

எதிர்த்திசையிலும் நடக்கும். வேலை விஷயமாக மதுரைக்குப் போய் வந்ததற்கு 1,500 ரூபாய் பில் கொடுத்திருந்தால், சில நிறுவனங்கள் அதைச் சம்பளத்தோடு சேர்த்தே அனுப்பிவிடும். அப்போது பேங்கில் ஏறியது நெட்டைவிட அதிகமாக இருக்கும். அது நீங்கள் கையிலிருந்து செலவழித்தது திரும்பி வருவது, சம்பளம் கிடையாது. அதை நம்பி அடுத்த மாதச் செலவைத் திட்டமிடக் கூடாது.

எனக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றும் வேறுபாடு இன்னொன்று உண்டு. நெட் என்பது ஒரு குறிப்பிட்ட மாதத்தின் கணக்கு. டேக்-ஹோம் எவ்வளவு என்று வீட்டில் கேட்கும்போது, அவர்கள் ஜூன் மாதத்தையோ செப்டம்பர் மாதத்தையோ கேட்கவில்லை. மாதாமாதம் எதை நம்பலாம் என்று கேட்கிறார்கள். அதற்கு எந்த ஒரு சீட்டிலும் பதில் இருக்காது, நாமேதான் போட வேண்டும். முழு மாதத்தில் பேங்குக்கு வருவது 21,000. ஆண்டுக்கு இரண்டு தடவை வரும் 1,250 ரூபாய் தொழில் வரியைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பரப்பினால் மாதம் சுமார் 208 ரூபாய். அதைக் கழித்தால் 20,800 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். கூட அட்டையில் 1,300. ஹாஸ்டல் வாடகை, வண்டிக் கடன், வீட்டுக்கு அனுப்புவது எல்லாவற்றையும் இந்த 20,800 ரூபாய்க்குள் அடக்க வேண்டும். முப்பதாயிரம் சம்பளம் என்று நினைத்து மாதம் 9,000 ரூபாய் இ.எம்.ஐ.க்குக் கையெழுத்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். முப்பதில் ஒன்பது என்று நினைத்தது, கைக்கு வருவதில் பாதியை நெருங்கிவிடும்.

முதல் சீட்டை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்

ஜூனுக்குத் திரும்புவோம். கிராஸ் 12,500. பேஸிக் பாதியானதால் 7,500. அதில் 12 சதவீதம் 900. நெட் 11,600. பஸ்ஸும் அட்டையும் இன்னும் தொடங்கவில்லை, ஆகவே பேங்குக்கும் 11,600 வந்தது. கணக்கு சரியாக இருக்கிறது. இதை இரண்டால் பெருக்கி, அடுத்த மாதம் 23,200 வரும் என்று எதிர்பார்த்தால் ஜூலையில் ஏமாற்றம் வரும். முதல் மாதத்தில் பஸ், அட்டை, தொழில் வரி எதுவுமே இல்லை. அதனால் முதல் சீட்டு உங்கள் வழக்கமான மாதத்தைக் காட்டுவதில்லை. இரண்டாவது சீட்டுதான் அதற்கு நல்ல அளவுகோல்.

சேர்ந்த தேதி மாதக் கடைசியாக இருந்தால் இன்னொரு சிக்கல் வரும். வருகைப் பதிவை மாதத்தின் 20 அல்லது 25ஆம் தேதியோடு முடித்துவிட்டுத்தான் நாங்கள் சம்பளம் போட ஆரம்பிப்போம். அதற்குப் பிறகு சேர்ந்தவருக்கு அந்த மாதம் சம்பளமே வராமல், அடுத்த மாதச் சீட்டில் அரியர்ஸ் என்று தனி வரியாக வரும். அந்த மாத நெட் வழக்கத்தைவிட அதிகமாக இருக்கும். அந்த எண்ணையும் நம்பக் கூடாது.

நிஜமாகவே தப்பு இருந்தால் எப்படித் தெரியும்?

அடிக்கடி வரும் தப்பு நாள் கணக்கில்தான். சேர்ந்த முதல் வாரத்தில் ஐ.டி. கார்டு வந்திருக்காது, விரல் ரேகை பதிவாகியிருக்காது. அந்த நாள்கள் எல்லாம் கணினியில் ஆப்சென்ட் என்று விழும். சம்பளம் இல்லாத நாள்களைக் காட்டும் எல்.ஓ.பி. என்ற வரியில் 2 அல்லது 3 என்று இருந்தால், நீங்கள் லீவே எடுக்கவில்லை என்றால், உங்கள் மேலாளரிடம் சொல்லி அந்த நாள்களுக்கு ஒப்புதல் வாங்கிக் கணக்குப் பிரிவுக்கு அனுப்புங்கள். அடுத்த மாதம் அரியர்ஸாக வந்துவிடும். எந்தத் தேதிகள் என்று சொல்லிக் கேட்பதுதான் பலன் தரும். "சம்பளம் கொறஞ்சிருக்கு" என்று மட்டும் எழுதினால் நாங்கள் எங்கே தேடுவது என்று தெரியாது.

இரண்டாவது தப்பு பி.எஃப்.பில் வருவது, பணமும் இதில்தான் அதிகம் போகும். சில சிறிய நிறுவனங்கள், தாங்கள் கட்ட வேண்டிய பங்கையும் ஊழியரின் சம்பளத்திலேயே பிடித்துவிடுகின்றன. நிறுவனத்தின் பங்கை ஊழியரின் ஊதியத்திலிருந்து பிடிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. சீட்டில் பி.எஃப். 3,600 என்றோ, 1,800 ரூபாய் இரண்டு தடவையோ இருந்தால் உடனே சண்டைக்குப் போக வேண்டாம். முதலில் இடது பக்கத்தைப் பாருங்கள். சிலர் சி.டி.சி.யை அப்படியே சீட்டில் காட்டுவதற்காக, நிறுவனத்தின் 1,800 ரூபாயையும் ஈட்டியது பக்கத்தில் சேர்த்து 26,800 என்று போட்டுவிட்டு, வலது பக்கத்தில் 3,600 கழிப்பார்கள். அப்படியென்றால் மீதி 23,200தான், நம் கணக்கோடு ஒத்துப்போகிறது. ஆனால் ஆஃபர் லெட்டரில் மாத கிராஸ் 25,000 என்றும், நிறுவனத்தின் பி.எஃப். அதற்கு மேல் தனியாகவும் எழுதியிருக்க, சீட்டில் 25,000 ரூபாயிலிருந்தே 3,600 கழித்திருந்தால், மாதம் 1,800 ரூபாய் உங்களிடமிருந்து போகிறது. அதை எழுத்தில் கேட்க வேண்டும்.

மூன்றாவது, பிடித்தார்கள் ஆனால் கட்டவில்லை என்பது. இதைச் சம்பளச் சீட்டில் கண்டுபிடிக்கவே முடியாது. சீட்டில் எல்லாம் சரியாக இருக்கும். ஒரு மாதத்துக்கான பி.எஃப். பணத்தை நிறுவனம் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். ஜூன் மாதத்துக்கான 900 ரூபாய் ஜூலை 15க்குள் போயிருக்க வேண்டும். உங்கள் பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணைச் செயல்படுத்திவிட்டு பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்தால் மாதவாரியாகத் தெரியும். பணம் கட்டிய பிறகும் பாஸ்புக்கில் பதிவாகக் கொஞ்ச நாள் ஆகலாம் என்பதால், ஜூலை கடைசியில் பார்ப்பது நல்லது.

பாஸ்புக்கைத் திறந்ததும் இன்னொரு சந்தேகம் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஜூலை மாதத்துக்கு ஊழியர் பங்கு 1,800 என்று இருக்கும். நிறுவனத்தின் பங்கு என்ற பத்தியில் 550 மட்டும் இருக்கும். நிறுவனம் குறைத்துக் கட்டிவிட்டது என்று அர்த்தம் இல்லை. நிறுவனத்தின் 1,800 ரூபாயில் ஊதியத்தின் 8.33 சதவீதம், அதாவது 1,250 ரூபாய், ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. அது பக்கத்தில் தனிப் பத்தியில் இருக்கும். 550 ரூபாயும் 1,250 ரூபாயும் சேர்ந்தால் 1,800 வந்துவிடும். அப்படி வரவில்லை என்றாலோ, இரண்டு மூன்று மாதமாக எந்த வரியுமே ஏறவில்லை என்றாலோ, பாஸ்புக்கையும் அந்த மாதங்களின் சம்பளச் சீட்டுகளையும் இணைத்து எச்.ஆர்.க்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அங்கே பதில் இல்லையென்றால் பி.எஃப். நிறுவனத்தின் இணையவழிக் குறைதீர்ப்புத் தளத்தில் புகார் செய்யலாம். புகாருக்கு அந்தச் சீட்டுகள்தான் ஆதாரம். வேலையை விட்ட பிறகு நிறுவனத்தின் தளத்துக்குள் நுழைய முடியாது என்பதால், ஒவ்வொரு மாதமும் சீட்டைப் பதிவிறக்கி உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.